இங்கிலீஷில் வாதக் கட்டுரை: "உன் வாதம் எங்கே" என்று கேட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள்

பாலக்கோடு தக்காளி
எல்லோருக்கும் வணக்கம். நான் தர்மபுரியில் ஒரு கல்லூரியில் இரண்டாம் வருடம் படிக்கிறேன், பிளஸ் டூ வரை தமிழ் மீடியம். இந்த செமஸ்டரில் 1,200 வார்த்தையில் ஒரு வாதக் கட்டுரை இங்கிலீஷில் கொடுக்க வேண்டும். தலைப்பு நாமே எடுத்துக்கொள்ளலாம் என்றார்கள், நான் நம் மாவட்டத்து ஃப்ளோரைடு தண்ணீர் பிரச்சினையை எடுத்தேன். வீட்டுக்கு வீடு ஆர்.ஓ. மெஷினா, குழாயில் வரும் ஒகேனக்கல் தண்ணீரா என்பதுதான் கேள்வி. தமிழில் முழுக்க எழுதி வைத்துக்கொண்டு அப்புறம் இங்கிலீஷாக மாற்றினேன். கிராமர் பிழை அதிகம் இல்லை என்று மேடமே சொன்னார். ஆனால் முதல் பக்கத்தின் ஓரத்தில் சிவப்பு மையில் "வேர் இஸ் யுவர் ஆர்க்யுமென்ட்" என்று ஒரே வரி எழுதித் திருப்பிக் கொடுத்துவிட்டார். பத்து நாளில் மறுபடி கொடுக்க வேண்டும்.

என் தமிழ் முன்னுரையை அப்படியே போடுகிறேன், எங்கே தப்பு என்று சொல்லுங்கள்:

"நீரின்றி அமையாது உலகு என்றார் வள்ளுவர். மனிதன் தோன்றிய காலம் முதல் நீரைத் தேடியே வாழ்ந்திருக்கிறான். தர்மபுரி மாவட்டத்தில் நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு அதிகமாக உள்ளது. இதனால் பலருக்குப் பல்லில் காவி படிகிறது, மூட்டு வலிக்கிறது. அரசு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தைக் கொண்டு வந்துள்ளது. மக்கள் வீடுகளில் ஆர்.ஓ. இயந்திரங்களும் வைத்துள்ளனர். இரண்டிலும் நன்மை தீமைகள் உள்ளன. அவற்றைப் பற்றி இக்கட்டுரையில் விரிவாகக் காண்போம்."

ஒகேனக்கல் பரிசல்
தங்கச்சி, முன்னுரை நல்லா இருக்கே. குறளையும் கடைசி வரியையும் இன்னும் உருக்கமா சொன்னா கைதட்டல் நிச்சயம். முதல் வரிக்கு அப்புறம் ரெண்டு நொடி நிறுத்து, நடுவரைப் பார்த்துச் சொல்லு. நான் பள்ளியில மாவட்ட அளவுல ரெண்டு தடவை பரிசு வாங்கினவன்.

பாலக்கோடு தக்காளி
அண்ணா, பேச்சுப் போட்டி இல்லை. எழுதிக் கொடுக்க வேண்டிய கட்டுரை. இங்கிலீஷில்.

ஒகேனக்கல் பரிசல்
ஓ. சரி சரி. அப்ப நிறுத்த வேண்டாம்.

ஓசூர் ரோஜா
நான் ஐஇஎல்டிஎஸ் எழுதி நல்ல மதிப்பெண் வாங்கினவன், இது எனக்குத் தண்ணி பட்ட பாடு. ஃபார்முலா இருக்கிறது. ஐந்து பத்தி. முதல் பத்தி முன்னுரை, அதன் கடைசி வரியில் உன் கருத்து. அடுத்த மூன்று பத்தியில் மூன்று காரணம். கடைசிக்கு முந்தின பத்தியின் முடிவில் எதிர்க் கருத்தை இரண்டு வரியில் சொல்லி மறுத்துவிடு, அப்புறம் முடிவுரை. "நான்" என்ற சொல்லே எங்கும் வரக்கூடாது. இதை மனப்பாடம் பண்ணிக்கொண்டால் எந்தத் தலைப்பு வந்தாலும் எழுதிவிடலாம். நம் ஆட்களுக்குப் பிரச்சினை என்னவென்றால் நாம் சுற்றி வளைத்துத்தான் யோசிப்போம், வெள்ளைக்காரன் நேர்கோட்டில் யோசிப்பான். இதை ஒரு அமெரிக்கர் படமே போட்டுக் காட்டியிருக்கிறார்.

காவேரிப்பட்டணத்தான்
தக்காளிக்கு முதலில். உன் முன்னுரையில் இங்கிலீஷ் பிரச்சினை எதுவும் இல்லை, அதைத் தமிழிலேயே கொடுத்திருந்தாலும் உன் மேடம் அதே வரியைத்தான் எழுதியிருப்பார். எட்டு வாக்கியம் இருக்கிறது. ஒவ்வொன்றையும் எடுத்து "இதை ஒரு விவரம் தெரிந்த ஆள் இல்லை என்று மறுக்க முடியுமா" என்று கேட்டுப் பார். நீரின்றி உலகு இல்லை, யாரும் மறுக்க மாட்டார்கள். ஃப்ளோரைடு அதிகம், மறுக்க மாட்டார்கள். அரசு திட்டம் கொண்டு வந்தது, 2013இல் திறந்துவைத்தார்கள், அதுவும் நடந்த கதை. இரண்டிலும் நன்மை தீமை உண்டு, இதை மறுக்கவே முடியாது, ஏனென்றால் அது எதையும் சொல்லவில்லை. ஒருவராவது "அதெல்லாம் இல்லை" என்று எழுந்து நிற்கக்கூடிய ஒரு வாக்கியம் உன் முதல் பத்தியில் இருந்தாக வேண்டும், அதைத்தான் அவர் தேடியிருக்கிறார்.

நம் பள்ளிக் கட்டுரையில் முன்னுரை, பொருளுரை, முடிவுரை என்று எழுதி, நடுவில் உட்தலைப்பு போட்டு, ஒவ்வொரு உட்தலைப்புக்கும் ஒரு மேற்கோள் வைத்தால் மதிப்பெண் வந்துவிடும். அது ஒரு பொருளைப் பற்றிச் சொல்லும் கட்டுரை, அதில் தப்பே இல்லை. இங்கே கேட்பது ஒரு பக்கம் நின்று சண்டை போடும் கட்டுரை. பட்டிமன்ற நடுவர் மாதிரி கடைசியில் "இரண்டும் வேண்டும், நன்றி வணக்கம்" என்று எழுந்து போக முடியாது. நீ நடுவர் இல்லை, ஒரு அணியின் ஆள்.

இப்போது ரோஜா சொன்னது. பாதி சரி. கருத்து முதல் பத்தியின் கடைசியில் வர வேண்டும் என்பது நல்ல யோசனை, எடுத்துக்கொள். ஆனால் ஐஇஎல்டிஎஸ் கட்டுரை 40 நிமிடத்தில் 250 வார்த்தை. அதில் மூன்று காரணத்தை ஆளுக்கு மூன்று வரியில் சொல்லிவிட்டுப் போகலாம், மொழி எப்படி இருக்கிறது என்பதுதான் அங்கே முக்கியமான அளவுகோல். 1,200 வார்த்தையில் அதே அச்சை நீட்டினால் நடுப் பத்தி ஒவ்வொன்றும் பலூன் மாதிரி ஊதிப்போகும். உள்ளே காற்றுதான் இருக்கும். "நான்" வரலாமா கூடாதா என்பது துறைக்குத் துறை மாறும், பல இடங்களில் "ஐ ஆர்க்யூ" என்று நேராக எழுதுவதை ஏற்றுக்கொள்கிறார்கள். அதை உன் மேடத்திடம் ஒரு வார்த்தை கேட்டுவிடு.

அரூர் அக்கா
எனக்கும் இதே நடந்தது, பதினைந்து வருடம் ஆயிற்று. நான் தமிழ் எம்.ஏ., அப்புறம் கல்வியியல் படிக்கும்போது இங்கிலீஷில் ஒரு கட்டுரை கொடுக்க வேண்டி வந்தது. தாய்மொழி வழிக் கல்வி பற்றி ஆறு பக்கம் எழுதினேன். என் கருத்து ஆறாவது பக்கத்தில், கடைசிப் பத்தியில், "ஆகவே" என்று தொடங்கும் வாக்கியத்தில் இருந்தது. அதற்கு முன்னால் எல்லாவற்றையும் கட்டிக் கட்டிக் கொண்டு வந்து கடைசியில் உடைப்பதுதான் அழகு என்று நினைத்திருந்தேன். திருத்தியவர் இரண்டாம் பக்கத்தோடு படிப்பதை நிறுத்திவிட்டார் என்று நினைக்கிறேன், மூன்றாம் பக்கத்திலிருந்து ஒரு கோடுகூட இல்லை.

ஆனால் ரோஜா தம்பி, "நாம் சுற்றி வளைத்து யோசிப்போம்" என்பதை மட்டும் ஒத்துக்கொள்ள மாட்டேன். மணிமேகலையில் 29ஆவது காதையை எடுத்துப் பாருங்கள். அனுமானத்துக்கு ஐந்து உறுப்பு சொல்கிறது, அதில் முதல் உறுப்பே முடிவுதான். இந்த மலையில் நெருப்பு இருக்கிறது என்று முதலில் அடித்துச் சொல்லிவிட வேண்டும், அது பக்கம். புகை இருப்பதால் என்பது ஏது, இரண்டாவதாக வருகிறது. அடுக்களையைப் போல என்பது திட்டாந்தம். அப்புறம் உபநயம், நிகமனம். கருத்தை முன்னால் வைத்துக் காரணத்தைப் பின்னால் வைப்பது வெள்ளைக்காரன் கொண்டு வந்தது ஒன்றும் இல்லை.

காவேரிப்பட்டணத்தான்
அக்கா சொன்னது கச்சிதம். ரோஜா சொல்லும் படம் கப்லான் என்ற அமெரிக்க மொழியியலாளர் 1966இல் போட்டது. வெளிநாட்டு மாணவர்கள் இங்கிலீஷில் எழுதிய பத்திகளைப் பார்த்து, இங்கிலீஷ்காரருக்கு நேர்கோடு, கிழக்கத்தியருக்குச் சுருள் என்று வரைந்தார். அதற்கு நிறைய மறுப்பு வந்தது, பின்னாளில் அவரே அந்தப் படத்தின் கெடுபிடியைத் தளர்த்திக்கொண்டார். ஒருவர் இரண்டாம் மொழியில் தட்டுத்தடுமாறி எழுதியதை வைத்து அவருடைய யோசனையின் வடிவத்தைச் சொல்வது நியாயம் இல்லைதானே.

நம்மிடம் இருக்கும் சிக்கல் அதைவிடச் சின்னது, கைக்கு எட்டுவது. தமிழ் வாக்கியத்தில் காரணம் பெரும்பாலும் முன்னால் வரும், வினை கடைசியில் வரும். "பிள்ளைகள் பள்ளியில் போர் தண்ணீர் குடிப்பதால், வீட்டில் மெஷின் இருந்தும் பயனில்லை." சொல்ல வந்த விஷயம் கடைசி வார்த்தையில் இருக்கிறது. இதே பழக்கம் வாக்கியத்திலிருந்து பத்திக்கு ஏறுகிறது, பத்தியிலிருந்து கட்டுரைக்கு ஏறுகிறது. தமிழில் படிப்பவர் அதற்காகக் காத்திருப்பார், காத்திருக்கும் சுகமே தனி. இங்கிலீஷில் கட்டுரை திருத்துகிறவர் காத்திருக்க மாட்டார். பத்தியின் முதல் வரியிலேயே இது எதற்கு என்று தெரியாவிட்டால் அவருக்கு அது வழி தவறிய பத்தி.

அதனால் ஒரு வேலை செய். உன் தமிழ்ப் பிரதியில் ஆகவே, எனவே, ஆதலால், இதனால் என்று தொடங்கும் வாக்கியத்தையெல்லாம் வட்டம் போடு. பத்துக்கு எட்டு தடவை அந்தப் பத்தியில் நீ உண்மையில் சொல்ல வந்தது அந்த வட்டத்துக்குள்தான் இருக்கும். அதை வெட்டிப் பத்தியின் தலையில் வை. "ஆகவே"யை எடுத்துவிடு. மீதி இருப்பதைப் படித்துப் பார். உன் நடுப் பத்தி ஒன்றைப் போடு, செய்தே காட்டுகிறேன்.

பாலக்கோடு தக்காளி
சார், ரொம்ப நன்றி. இது மூன்றாவது பத்தி:

"எங்கள் தெருவில் 12 வீடுகள் உள்ளன. அவற்றில் 5 வீடுகளில் ஆர்.ஓ. இயந்திரம் உள்ளது. அந்த வீட்டுப் பிள்ளைகள் பள்ளியிலும் அங்கன்வாடியிலும் தண்ணீர் குடிக்கிறார்கள். பக்கத்து வீட்டிலும் குடிக்கிறார்கள். சோறு, குழம்பு எல்லாம் போர் தண்ணீரில்தான் சமைக்கிறார்கள், ஏனென்றால் ஆர்.ஓ. தண்ணீர் குடிக்க மட்டுமே போதும். ஃப்ளோரைடு பல்லைப் பாதிக்கும். ஆகவே வீட்டு இயந்திரத்தால் குழந்தைகளுக்கு முழுப் பாதுகாப்பு கிடைப்பதில்லை."

காவேரிப்பட்டணத்தான்
நல்ல பத்தி. சரக்கு இருக்கிறது, வைத்த இடம்தான் தப்பு. கடைசி வரியை மேலே தூக்கு: வீட்டில் வைக்கும் ஆர்.ஓ. மெஷின் குழந்தை குடிக்கும் தண்ணீரில் ஒரு பகுதியை மட்டுமே சுத்தம் செய்கிறது. "முழுப் பாதுகாப்பு இல்லை" என்பதை நான் கொஞ்சம் மாற்றியிருப்பதைக் கவனி. முழுப் பாதுகாப்பு எதிலும் கிடையாது, அதனால் அது மொட்டை வாக்கியம். எது விட்டுப்போகிறது என்று சொன்னால்தான் கூர்மை வரும்.

அடுத்து, பள்ளி, அங்கன்வாடி, பக்கத்து வீடு, அப்புறம் சமையல். இந்த வரிசை சரி. சமையல் வரும் இடத்தில் ஒரு வரி சேர்க்கலாம். கொதிக்கவைத்தால் ஃப்ளோரைடு போகாது, தண்ணீர் வற்றும் அளவுக்கு அடர்த்திதான் ஏறும். லிட்டருக்கு 3 மில்லிகிராம் இருக்கும் தண்ணீர் 4 லிட்டர் எடுத்து 3 லிட்டராக வற்றவிட்டால், அது லிட்டருக்கு 4 மில்லிகிராம். இந்தியத் தர நிர்ணயம் 1 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும் என்கிறது, வேறு தண்ணீரே கிடைக்காத இடத்தில் 1.5 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்கிறது. இந்த எண்களை எழுதினால் எங்கிருந்து எடுத்தாய் என்பதும் கூட வர வேண்டும்.

இப்போது பத்தியின் ஓட்டை. "ஃப்ளோரைடு பல்லைப் பாதிக்கும்" என்று ஒரு வரி அந்தரத்தில் தொங்குகிறது. அந்த வரியைப் பார்த்து "அதனால் என்ன?" என்று கேள். பெரியவர்களும்தானே போர் தண்ணீர் குடிக்கிறார்கள், ஏன் குழந்தையைப் பற்றி மட்டும் பேசுகிறாய்? உனக்குப் பதில் தெரியும், ஆனால் எழுதவில்லை. பல்லில் காவி விழுவது பல் ஈறுக்குள் உருவாகும் வயதில், ஏறக்குறைய எட்டு வயதுக்குள். அந்த வயதுக் குழந்தை நாள் முழுக்க வீட்டுக்கு வெளியே சுற்றும், மெஷினைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே போக முடியாது. இந்த ஒரு இணைப்பு வரி இல்லாமல் உன் ஆதாரமும் உன் கருத்தும் இரண்டு கரையில் நிற்கின்றன. நான் பார்த்தவரை தமிழ் மீடியம், இங்கிலீஷ் மீடியம் என்று பேதமில்லாமல் எல்லோருமே விட்டுவிடுவது இந்த வரியைத்தான், எழுதுகிறவருக்கு அது தெரிந்த விஷயம் என்பதால் எழுதத் தோன்றாது.

12 வீட்டில் 5 வீடு என்பதை எடுத்துவிடாதே. ஆனால் "எங்கள் தெருவில் நான் பார்த்தது" என்றே எழுது. ஒரு தெருவை வைத்து மாவட்டத்தைப் பற்றிப் பேசினால் முதல் அடி அங்கேதான் விழும்.

ஓசூர் ரோஜா
சரி, ஒத்துக்கொள்கிறேன், 250 வார்த்தைக்கும் 1,200 வார்த்தைக்கும் வித்தியாசம் உண்டு. ஆனால் எதிர்க் கருத்து கடைசிக்கு முந்தின பத்தியில்தான் வர வேண்டும், அதில் மாற மாட்டேன். நடுவில் போட்டால் படிப்பவருக்கு நீ எந்தப் பக்கம் என்று குழப்பம் வரும்.

நல்லம்பள்ளி மோட்டார்
இதுக்குள்ள நான் வரலாமான்னு தெரியல. கட்டுரை கிட்டுரை நமக்குத் தெரியாது. நான் ஒரு பஞ்சாயத்துல டேங்க் ஆபரேட்டர். பாப்பா குழாய்த் தண்ணின்னு எழுதுது, அது எல்லாம் ஒகேனக்கல் தண்ணின்னு நெனச்சு எழுதுது. அப்படி இல்லம்மா. ஆத்துத் தண்ணி வரத்து கம்மியா இருக்கிற நாள்ல, ஊர் சனத்துக்குப் பத்தாது, போர் மோட்டாரையும் போட்டு அதே மேல்நிலைத் தொட்டிக்கு ஏத்திவிடுவோம். எங்க பக்கம் இதான் நடக்குது. ரெண்டும் கலந்துதான் குழாய்ல வரும். வேற வழி கிடையாது, தண்ணி வரலன்னா திட்டு வாங்குறது நான்தான். நீ குழாய்த் தண்ணி நல்லதுன்னு எழுதினா, தெரிஞ்சவன் படிச்சா சிரிப்பான்.

பாலக்கோடு தக்காளி
அண்ணா இது எனக்குத் தெரியவே தெரியாது. இப்போது என்ன செய்வது? என் கருத்தே போய்விட்டதே. நேற்று ராத்திரிதான் "குழாய்த் தண்ணீரே சிறந்தது" என்று ஒரு பக்கம் எடுத்து முதல் பத்தியை மாற்றி எழுதி முடித்தேன். தலைப்பை மாற்றிவிடட்டுமா?

காவேரிப்பட்டணத்தான்
மாற்றாதே. மோட்டார் அண்ணன் உனக்குக் கொடுத்தது பெரிய சொத்து, நூலகத்தில் தேடினாலும் கிடைக்காது. இதுதான் உன் எதிர்க் கருத்து. இதுவரை உன்னிடம் இருந்த எதிர்க் கருத்து என்ன, "ஆர்.ஓ. வசதியானது என்று சிலர் கூறுகின்றனர்" என்பதுதானே? அது நீ அடித்துப் போடுவதற்காகவே நிற்கவைத்த சோளக்கொல்லைப் பொம்மை. யார் அந்தச் சிலர்? உண்மையில் ஆர்.ஓ. பக்கம் நிற்கும் புத்திசாலி என்ன சொல்வார் என்றால், "குழாயில் வருவது கலந்த தண்ணீர், என்றைக்கு எவ்வளவு கலந்தது என்று எனக்குத் தெரியாது, என் மெஷினில் வருவதாவது என் கண் முன்னால் இருக்கிறது" என்பார். இது பலமான வாதம். இதை அவர் வாயிலிருந்தே வந்த மாதிரி எழுது, அவர் படித்தால் ஆமாம், நான் சொல்வது இதுதான் என்று தலையாட்ட வேண்டும்.

அப்புறம் அதில் எது உண்மையோ அதை ஒப்புக்கொள். கலக்கிறார்கள், உண்மை. ஒப்புக்கொண்டால் மதிப்பெண் குறையும் என்று பயப்படாதே. ஒப்புக்கொண்ட பிறகு உனக்கு இரண்டு வழி இருக்கிறது. ஒன்று, அது உண்மையாக இருந்தும் உன் கருத்து ஏன் நிற்கிறது என்று காட்டுவது. இன்னொன்று, உன் கருத்தையே கொஞ்சம் குறுக்கிக்கொள்வது. உனக்கு இரண்டாவதுதான் சரி. "குழாய்த் தண்ணீர் சிறந்தது" என்பது இனி நிற்காது. ஆனால் "குடிக்கவும் சமைக்கவும் வேண்டிய அளவு ஆற்று நீரைப் போர் தண்ணீர் கலக்காமல் குழாயில் தருவதுதான் அரசின் முதல் செலவாக இருக்க வேண்டும்" என்பது நிற்கும். யோசித்துப் பார், முன்பு இருந்ததைவிட இது நல்ல கருத்து. இதில் மறுக்க இடம் இருக்கிறது, பணம் எங்கே என்று ஒருவர் கேட்கலாம், குளிக்கத் தனிக் குழாய் போடுவீர்களா என்று கேட்கலாம்.

அப்புறம் முக்கியமாக, கருத்தை மாற்றினால் முதல் பத்தி மட்டும் மாறாது. ஒவ்வொரு பத்தியின் முதல் வரியையும் புதுக் கருத்தோடு வைத்துப் பார். பொருந்தாத பத்தி எவ்வளவு அழகாக இருந்தாலும் வெளியே போக வேண்டும்.

அரூர் அக்கா
நன்னூலில் எழுவகை மதம் என்று வரும், ஞாபகம் இருக்கிறதா? அதில் ஒன்று, பிறர்தம் மதம் மேற்கொண்டு களைவு. மேற்கொண்டு என்ற சொல்லைப் பாருங்கள். பிறர் கருத்தை முதலில் தன் தலைமேல் ஏற்றுக்கொள்ள வேண்டும், அப்புறம்தான் களைய வேண்டும். சார் சொல்வதும் அதுவே. தூரத்தில் நின்று கல்லெறிவது களைவு ஆகாது. உடன்படல் என்பதையும் அந்த ஏழில் ஒன்றாகத்தான் வைத்திருக்கிறார் பவணந்தி, தக்காளி பயப்படாமல் ஒப்புக்கொள்ளலாம்.

ஒன்று கேட்கிறேன் சார். எதிர்க் கருத்து எங்கே வர வேண்டும்? ரோஜா தம்பி கடைசியில் என்கிறார். எனக்கு முன்னால் வருவதுதான் சரி என்று படுகிறது. படிக்கிறவர் மனதில் முதலிலேயே அந்தச் சந்தேகம் இருந்தால், அதைத் தீர்க்காமல் நான் சொல்லும் எதுவும் காதில் ஏறாது.

காவேரிப்பட்டணத்தான்
அக்கா பக்கம்தான் நானும், இந்தக் கட்டுரைக்கு மட்டும். தர்மபுரிக்காரர் படித்தால் முதல் பத்தி முடிந்ததுமே "குழாயில் எங்கே ஒழுங்காக வருகிறது" என்று முணுமுணுப்பார். அதனால் இரண்டாம் பத்தியிலேயே கலக்கும் விஷயத்தை எடுத்து வைத்து, அதனால்தான் என் கருத்தில் "கலக்காமல்" என்ற சொல் இருக்கிறது என்று காட்டிவிடலாம். எதிர்ப்பு கடைசியில்தான் தோன்றும் என்றால் கடைசியில் வைப்பது நல்லது. திருத்துகிறவருக்குப் பழகிய இடமும் அதுதான், ரோஜா சொல்வதில் அந்த நியாயம் உண்டு.

ஓசூர் ரோஜா
திருத்துகிறவருக்குப் பழகிய இடம் என்றால் மாணவி எதற்காக ரிஸ்க் எடுக்க வேண்டும்? மார்க் போடுவது அவர்தானே, நல்லம்பள்ளிக்காரர் இல்லையே. நான் என் கருத்திலேயே இருக்கிறேன்.

ஒகேனக்கல் பரிசல்
எனக்கு ஒரு சந்தேகம். தமிழ்ல முழுசா எழுதி இங்கிலீஷ்ல மாத்துறது சரியா? என் தம்பி பையன் அப்படித்தான் பண்றான், ஒவ்வொரு வாக்கியமும் ரயில் மாதிரி நீளுது.

காவேரிப்பட்டணத்தான்
நான் வேண்டாம் என்பேன். தமிழில் கருத்து ஒரு வரி, ஒவ்வொரு பத்திக்கும் முதல் வரி ஒன்று, அதனடியில் இன்ன ஆதாரம் என்று துண்டுதுண்டாகக் குறிப்பு, மொத்தம் ஒரு பக்கம் எழுதினால் போதும். வாக்கியத்தை நேராக இங்கிலீஷில் எழுத வேண்டும். முழு வாக்கியத்தையும் தமிழில் எழுதி மாற்றினால் தமிழின் மூட்டுகள் கூடவே வந்துவிடும். "இருந்தாலும், ஆனால்" என்று நாம் இரண்டு பக்கமும் முட்டுக் கொடுத்துப் பேசுவோம், அதை மாற்றும்போது "ஆல்தோ" போட்டு அதே வாக்கியத்தில் "பட்"டும் போடுகிறார்கள். "ஆஸ்" என்று தொடங்கி நடுவில் "ஸோ" வருகிறது. அங்கே ஒரு வாக்கியத்துக்கு ஒரு முட்டுதான்.

அரூர் அக்கா
இதில் நான் சாரோடு ஒத்துப்போக மாட்டேன். எனக்குத் தமிழில் முழுதாக எழுதினால்தான் நான் என்ன நினைக்கிறேன் என்பதே தெரியும். குறிப்பு எழுதினால் எல்லாம் தெளிவாக இருப்பது போலத் தோன்றும், வாக்கியமாக எழுதும்போதுதான் ஓட்டை தெரியும். அந்த இணைப்பு வரி விடுபட்டதுகூடத் தக்காளி முழுப் பத்தியாகப் போட்டதால்தானே தெரிந்தது? எழுதட்டும், வட்டம் போட்டு மாற்றி அடுக்கட்டும், அப்புறம் அதைக் கவிழ்த்து வைத்துவிட்டு, பார்க்காமல் இங்கிலீஷில் எழுதட்டும்.

காவேரிப்பட்டணத்தான்
பார்க்காமல் என்றால் சரி. நேரம் இருந்தால் நல்ல வழிதான்.

பாலக்கோடு தக்காளி
அக்கா சொன்ன மாதிரியே கவிழ்த்து வைத்து எழுதினேன். இங்கிலீஷில் எழுதியதைத் தமிழில் சொல்கிறேன், முதல் பத்தி இப்போது இப்படி இருக்கிறது:

"எங்கள் தெருவில் ஒரே வயதுள்ள இரண்டு குழந்தைகள் இருக்கிறார்கள். ஒருத்தி வீட்டில் ஆர்.ஓ. மெஷின் உண்டு, இன்னொருத்தி வீட்டில் இல்லை. இருவர் பல்லிலும் காவி இருக்கிறது. தர்மபுரி கிராமங்களில் ஃப்ளோரைடுக்கு வீட்டு மெஷினைத் தீர்வாகச் சொல்பவர்கள், குழந்தை வீட்டுக்கு வெளியேயும் குடிக்கிறது என்பதைக் கணக்கில் எடுப்பதில்லை. குடிக்கவும் சமைக்கவும் தேவையான ஆற்று நீரைப் போர் தண்ணீரோடு கலக்காமல் வீடு, பள்ளி, அங்கன்வாடி எல்லாவற்றுக்கும் குழாயில் தருவதே அரசின் முதல் செலவாக இருக்க வேண்டும், ஏனென்றால் பல் உருவாகும் வயதில் குழந்தை போகும் எல்லா இடத்தையும் எட்டக்கூடியது அது ஒன்றுதான். வீட்டு மெஷின் அதுவரைக்கும் ஒரு இடைக்கால ஏற்பாடு."

வள்ளுவரை எடுத்துவிட்டேன். மனசு கேட்கவில்லை, ஆனாலும் எடுத்துவிட்டேன். எதிர்க் கருத்தை இரண்டாம் பத்தியில் வைத்திருக்கிறேன், ரோஜா அண்ணா மன்னிக்கவும். மேடத்திடம் "நான்" போடலாமா என்று கேட்டேன், போடலாம் ஆனால் குறைத்துக்கொள் என்றார்.

காவேரிப்பட்டணத்தான்
இப்போது வாதம் எங்கே என்று யாரும் கேட்க மாட்டார்கள். ஒரு இடத்தில் மட்டும் இடிக்கிறது. இரண்டு குழந்தைகளை வைத்துத் தொடங்கியது கண்ணில் நிற்கிறது, ஆனால் முதல் குழந்தையின் பல் எப்போது காவியானது, மெஷின் எப்போது வாங்கினார்கள்? பல் வந்த பிறகு மெஷின் வாங்கியிருந்தால் உன் உதாரணம் உனக்கே எதிராகத் திரும்பிவிடும். விசாரித்துவிட்டு எழுது. ஒத்துவராவிட்டால் அந்த மூன்று வரியை எடுத்துவிடு, பத்தி அது இல்லாமலும் நிற்கும்.

பாலக்கோடு தக்காளி
ஐயோ, அதை யோசிக்கவே இல்லை சார். அவள் அம்மாவிடம் நாளைக் காலையில் கேட்கிறேன். மோட்டார் அண்ணா, உங்களிடமும் ஒன்று. கலக்கும் நாள்களை எங்காவது எழுதி வைப்பீர்களா? மாதத்துக்கு எத்தனை நாள் என்று ஒரு எண் கிடைத்தால் இரண்டாம் பத்திக்கு உதவும். உங்கள் பெயர், ஊர் பெயர் எதுவும் போட மாட்டேன்.

நல்லம்பள்ளி மோட்டார்
மோட்டார் போட்ட நேரம் நோட்டுல இருக்கும்மா. போர் மோட்டாருக்குத் தனி பக்கம். ஆனா எல்லா நாளும் ஒழுங்கா எழுதினேன்னு சொல்ல முடியாது, போன மாசம் பாதிதான் இருக்கு. ஞாயித்துக்கிழமை பாத்துட்டு சொல்றேன்.